பில்லுக்கு ஒரு நாள், பணத்துக்கு ஒரு நாள், கணக்குக்கு ஒரு நாள்



வந்தவாசிக் கடைத்தெருவில் ஒரு பாத்திரக் கடை இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். ஆண்டு விற்பனை எண்பது லட்சம். ஐந்து கோடிக்கு உட்பட்ட விற்பனை உள்ளவர்கள் விரும்பினால், ஜிஎஸ்டி கணக்கை மாதந்தோறும் அன்றிக் காலாண்டுக்கு ஒருமுறை தாக்கல் செய்யலாம். இந்தக் கடைக்காரரும் அவ்வாறே தேர்ந்துகொண்டார். ‘மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும்’ என்று அவர் நிம்மதியாக இருந்தார். அந்த நிம்மதியில்தான் சிக்கல் ஒளிந்திருக்கிறது.

ஏப்ரல் 8ஆம் தேதி, செய்யாற்றிலிருந்து சிறு கடைக்காரர் ஒருவர் வந்து 40,000 ரூபாய்க்குப் பாத்திரம் வாங்குகிறார். அதன்மேல் வரி 2,000 ரூபாய். அவர் மாதந்தோறும் கணக்குத் தாக்கல் செய்பவர். இங்கே கொடுத்த 2,000 ரூபாயைத் தாம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம் என்பது அவர் கணக்கு. ஆனால் கையில் பில் இருந்தால் மட்டும் போதாது. விற்றவர் அந்தப் பில்லை இணையத்தில் ஏற்றியிருக்க வேண்டும். ஏற்றினால்தான், மறுமாதம் 14ஆம் தேதி உருவாகும் GSTR-2B பட்டியலில் அது வாங்கியவர் கண்ணுக்குத் தெரியும்.

காலாண்டு வணிகர் ஏப்ரல் பில்லை IFF என்னும் வசதியின் வழியே மே 1 முதல் 13க்குள் ஏற்றலாம். இது கட்டாயம் அன்று. ஏற்றாவிட்டால் அபராதமும் இல்லை. ஆனால் அந்தப் பில், ஜூலை 13க்குள் தாக்கலாகும் காலாண்டு GSTR-1இல்தான் இடம்பெறும். அதுவரை செய்யாற்றுக்காரர் அந்த 2,000 ரூபாயைக் கழிக்க இயலாமல், கைப்பணத்தைப் போட்டு வரி கட்டுவார். தவறு தம்முடையது அன்று, இழப்போ தமக்கு. அடுத்த முறை அவர் வேறு கடையை நாடினால் வியப்பென்ன? சில்லறையாக ஒரு குடம், ஒரு தவலை வாங்கிச் செல்பவர்களின் பில்களை IFFஇல் ஏற்ற வேண்டியதில்லை; அவை காலாண்டு முடிவில் மொத்தத் தொகையாகச் சேரும்.

கல்லாவில் நிகழும் ஒரு சிறு பிழையையும் இங்கே சொல்லியாக வேண்டும். “ஜிஎஸ்டி நம்பரைப் பிறகு போனில் சொல்கிறேன், பில்லைப் போடுங்கள்” என்பார் வாடிக்கையாளர். எண் இல்லாமல் போட்ட பில் சில்லறைக் கணக்கில் கலந்துவிடும். வாங்கியவர் பட்டியலில் வாராது. எண்ணைக் கேட்டு எழுதிய பிறகே பில் போடுவது நலம்.

இனிப் பணம். கணக்கு காலாண்டுக்கு ஒருமுறை என்றாலும், வரிப்பணம் மாதந்தோறும் செல்ல வேண்டும். காலாண்டின் முதல் இரண்டு மாதங்களுக்கு, மறுமாதம் 25ஆம் தேதிக்குள் PMT-06 சலானில் கட்ட வேண்டும். எளிய வழி, முந்தைய காலாண்டில் ரொக்கமாகக் கட்டிய வரியில் 35 விழுக்காட்டைக் கட்டுவது. பாத்திரக் கடைக்காரர் சென்ற காலாண்டில் 12,000 கட்டியிருந்தால், மே 25க்குள் 4,200, ஜூன் 25க்குள் 4,200. காலாண்டு முடிவில் ரொக்கமாகக் கட்ட வேண்டிய வரி 15,000 என்று வந்தால், மீதி 6,600. மாதத் தவணையைத் தாமதித்தால் ஆண்டுக்கு 18 விழுக்காடு வட்டி. 4,200க்குப் பத்து நாள் வட்டி ஏறக்குறைய 21 ரூபாய்தான். அஞ்ச வேண்டியது அதனை அன்று.

அஞ்ச வேண்டியது GSTR-3B தாமதத்தை. காலாண்டு வணிகருக்குத் தமிழ்நாட்டில் கடைசி நாள், காலாண்டு முடிந்த மறுமாதம் 22. ஜூலை 22க்குரியதை ஆகஸ்டு 1 அன்று தாக்கல் செய்தால் பத்து நாள். நாளுக்கு 50 வீதம் 500 ரூபாய் தாமதக் கட்டணம். விற்பனை ஒன்றரைக் கோடிக்கு உட்பட்டவருக்கு இது 2,000க்கு மேல் ஏறாது. விற்பனையும் வரியும் சிறிதும் இல்லாத காலாண்டுக்கும் தாக்கல் உண்டு; தாமதித்தால் நாளுக்கு 20. கடையைப் பூட்டி வைத்திருந்தோமே, எதற்குக் கணக்கு என்று விட்டுவிடுபவர்களே இதில் மிகுதியாக அகப்படுகிறார்கள்.

சலான் கட்டியதும் வேலை முடிந்தது என்று எண்ணுவது மற்றொரு பிழை. கட்டிய பணம் வணிகரின் ரொக்கப் பேரேட்டில் காத்திருக்கும். GSTR-3Bஐத் தாக்கல் செய்தால்தான் அது வரியாகக் கழியும். GSTR-1 தாக்கலாகாமல் GSTR-3Bயும் திறவாது. ஆகவே ஜூலை 22 மாலையில் இரண்டையும் சேர்த்து முடிக்கலாம் என்றிருப்பவர், முந்தையதற்கு ஒன்பது நாள் தாமதத்தோடுதான் தொடங்குகிறார். கணக்கர் “முடித்துவிட்டேன்” என்றால், பணம் கட்டிய ரசீதைக் கேட்க வேண்டாம். தாக்கலானதும் திரையில் தோன்றும் ARN எண்ணைக் கேளுங்கள். அதனைக் கல்லாவுக்கு மேலிருக்கும் நாட்காட்டியில், அந்தந்தத் தேதிக் கட்டத்திலேயே குறித்து வைத்தால், அடுத்த காலாண்டில் எது விடுபட்டது என்று எவரையும் கேட்க வேண்டியிராது.