எல்லை கடந்த கட்டணச் சதுரம்

சிங்கப்பூரிலிருந்து பாலம் கடந்து ஜொகூர் பாருவுக்குச் சென்று ஒரு கடையில் சிற்றுண்டி அருந்திய பிரயாணி, அக்கடையின் ‘டூயிட்நவ்’ க்யூஆர் சதுரத்தைத் தம் நாட்டுச் செயலியாலேயே படித்துப் பணம் செலுத்தும் ஏற்பாடு, 2023 மார்ச் மாதத்தில் ஆரம்பமாயிற்று.

அச்சதுரத்துக்குள் கடையின் பெயரோடு, மலேசியாவைக் குறிக்கும் MY என்ற எழுத்துகளும், ரிங்கிட்டைக் குறிக்கும் 458 என்ற எண்ணும் அடங்கியிருப்பதால், இது அந்நிய தேசத்துக் கடை என்பதை அறிந்துகொள்ளும் செயலி, தொகையை ரிங்கிட்டிலேயே கேட்கிறது. பிரயாணி 20 என்று இட்டதும், கடையின் பெயரையும், மாற்று விகிதத்தையும், தம் கணக்கில் கழியப்போகும் சிங்கப்பூர் வெள்ளியையும் அது காட்டும். அவர் சம்மதித்த பிறகே பணம் கழிகிறது, கடைக்காரருக்கோ ரிங்கிட்டாகவே சேர்கிறது.

சம்மதம் தருவதற்கு முந்தைய அந்த ஒரு கணத்தைத்தான் நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். ஏனெனில், அசல் சதுரத்தின் மீது வேறொருவருடைய சதுரத்தை ஒட்டிவிடும் மோசடியைத் திரையில் தோன்றும் பெயர் காட்டிக்கொடுக்கக்கூடும். செயலி படிக்கவே மறுத்தால், அந்தச் செயலியோ கடையின் சதுரமோ இவ்விணைப்பில் சேராதிருக்கலாம். கணக்கில் பணம் கழிந்தும் கடைக்கு வந்து சேராதபோது, அவசரப்பட்டு மறுபடி செலுத்தாமல், பரிவர்த்தனை எண்ணைக் குறித்துக்கொண்டு தம் சொந்த வங்கியிடமே விசாரிப்பது உசிதம்.