நாக்குக்கு அடியில் ஒரு மாத்திரை

டைனமைட்டைக் கண்டுபிடித்த ஆல்பிரட் நோபலுக்கு, கடைசிக் காலத்தில் இதய வலிக்காக டாக்டர்கள் எழுதிக் கொடுத்த மருந்து நைட்ரோகிளிசரின். டைனமைட்டில் இருப்பதும் அதேதான்!

நெஞ்சுவலிக்காரர்கள் இன்றும் அதை நாக்குக்கு அடியில் வைக்கிறார்கள். விழுங்கினால் பெரும்பகுதியைக் கல்லீரல் சிதைத்துவிடும்; நாக்கின் அடியில் கரைந்தால் நேரே ரத்தத்தில் கலக்கும். அதனால் மெல்லவோ, விழுங்கவோ கூடாது. வாய் வறண்டிருந்தால் முதலில் ஒரு வாய் தண்ணீர் குடித்து ஈரமாக்கிக்கொள்ளலாம்.

மாடிப்படி ஏறும்போது ஒருவருக்குக் காலை 7.10-க்கு நெஞ்சு இறுக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் முதலில் உட்கார்ந்து, பிறகு ஒரு மாத்திரையை நாக்குக்கு அடியில் வைக்க வேண்டும். மருந்து ரத்தக் குழாய்களை விரிப்பதால் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும். நின்றுகொண்டே போட்டால் தலைசுற்றி விழ நேரிடும். லேசான தலைவலி வந்தால் பயப்பட வேண்டியதில்லை.

7.15-க்கும் வலி குறையவில்லை, அல்லது கூடுகிறது என்றால் உடனே 108-ஐ அழைக்க வேண்டும். ஆம்புலன்ஸ் வரும்வரை, டாக்டர் அப்படிச் சொல்லியிருந்தால், 5 நிமிட இடைவெளியில் இன்னும் இரண்டு மாத்திரை வரை போடலாம். மொத்தம் மூன்று, அதற்கு மேல் கூடாது. வியர்த்துக் கொட்டுவது, மூச்சுத் திணறல், மயக்கம் சேர்ந்து வந்தால் 108-ஐ அழைக்க அந்த முதல் ஐந்து நிமிடமும் காத்திருக்க வேண்டாம்.

வயாகரா போன்ற மாத்திரை சாப்பிட்டவர்கள் இதைப் போட்டால் ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்குச் சரியும். அவர்கள் ஆம்புலன்ஸ் ஊழியரிடம் கூச்சப்படாமல் அதைச் சொல்லிவிட வேண்டும்.