பூச்சியக் கோட்டிலிருந்து முகடு வரை: வீட்டு வரைபடத்தில் உயரங்களை வாசிப்பது

(முள்ளியவளையில் வீடு கட்டும் குடும்பங்களுக்கும் மேசன்மாருக்கும் நாங்கள் ஆற்றிய பேச்சு. மலையகத்தில் வீடு கட்டக் காத்திருக்கும் தோழர்களுக்கும் பயன்படும் என்பதால் இங்கே அச்சாகிறது.)



1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு தோட்டங்களை விட்டு வன்னிக்கு வந்து குடியேறிய குடும்பங்கள் இந்தக் கூட்டத்திலும் இருக்கின்றன. லயத்துக் காம்பராவுக்கு யாரும் நம் கையில் வரைபடம் தந்ததில்லை. யுத்தம் முடிந்த பிறகு, 2012இல் இந்திய வீட்டுத்திட்டம் வடக்கு, கிழக்கில் பெருமளவில் தொடங்கியபோதுதான் பலருக்கும் முதல்முறையாக வீட்டுப் படம் கைக்கு வந்தது. 550 சதுர அடி வீடு, ஐந்தரை இலட்சம் ரூபாய், அதுவும் தவணை தவணையாக. வீட்டுக்காரரே பொறுப்பாக நின்று கட்டவேண்டும். தொழில்நுட்ப அலுவலர் வந்து பார்த்து, வேலை சரி என்றால்தான் அடுத்த தவணை. சரியில்லை என்றால் இடித்துத் திருத்தும் செலவு வீட்டுக்காரர் தலையில். அப்படிக் கடன்பட்டவர்கள் இங்கே இருக்கிறார்கள். மலையகத்திலும் அதே திட்டத்தில் 4,000 வீடுகளும், பின்னர் 10,000 வீடுகளும் என்று அறிவிக்கப்பட்டன. ஆகவே படம் வாசிப்பது பாஸின் வேலை மட்டும் அல்ல.

தரைப்படம் எல்லோருக்கும் ஓரளவு விளங்கும். அறை எங்கே, குசினி எங்கே என்று அதில் தெரியும். ஆனால் உயரம் எதுவும் அதில் தெரியாது. உயரத்துக்கு வேறு இரண்டு படங்கள் உண்டு. வெளியே நின்று சுவரை நேராகப் பார்த்தால் தெரிவது முகப்புப்படம். பாஸ்மார் அதை எலிவேசன் என்பார்கள். வீட்டைப் பாண் வெட்டுவதுபோல் மேலிருந்து கீழாக வெட்டி, வெட்டிய முகத்தைப் பார்த்தால் தெரிவது வெட்டுப்படம், அதாவது செக்சன். எந்த இடத்தில் வெட்டியது என்பதைத் தரைப்படத்தில் ஒரு கோடு போட்டு, இரண்டு முனையிலும் A, A என்று காட்டியிருப்பார்கள். அந்தக் கோடு யன்னலைக் கடந்து போனால்தான் வெட்டுப்படத்தில் யன்னல் வெட்டுப்பட்டுத் தெரியும். முதலில் அந்தக் கோட்டைத் தேடிப் பிடியுங்கள்.

இந்தப் பேச்சுக்காக ஒரு வீட்டை நாங்களே வரைந்திருக்கிறோம். அகலம் 6 மீற்றர், நீளம் 8.5 மீற்றர். பெருக்கினால் 51 சதுர மீற்றர், ஏறக்குறைய 550 சதுர அடி. ஓட்டுக்கூரை, நடுவில் முகடு. உங்கள் படத்தில் எண்கள் வேறாக இருக்கலாம். வாசிக்கும் முறை ஒன்றுதான். வாசிப்பவர்கள் ஒரு தாளில் கீறிக்கொண்டே வந்தால் சுலபம்.

வெட்டுப்படத்தில் தேடவேண்டிய முதல் எண் ±0.00. இது பூச்சு வேலை முடிந்து நாம் கால் வைக்கும் தரை. மண் அல்ல, கொங்கிறீட்டும் அல்ல. மற்ற எல்லா உயரமும் இதிலிருந்துதான் எண்ணப்படுகிறது. மேலே போவது கூட்டல் குறி, கீழே போவது கழித்தல் குறி. எங்கள் படத்தில் வெளி நிலம் −450 மில்லிமீற்றர், அதாவது தரை நிலத்தைவிட ஒன்றரை அடி உயரம். மார்கழி மழையில் முற்றத்தில் தண்ணீர் நிற்கும் ஊருக்கு அந்த ஒன்றரை அடி தேவை. யன்னலின் அடிமட்டம் +900. கதவுக்கும் யன்னலுக்கும் மேல்மட்டம் +2100. அதன் மேல் 150 கனத்தில் லிண்டல், ஆகவே லிண்டலின் மேல்முகம் +2250. சுவர் முடிந்து கூரை மரம் உட்காரும் இடம் +2700.

பிழை பெரும்பாலும் இந்தப் பூச்சியத்தில்தான் வருகிறது. சுவர் கட்டும்போது பூச்சுத் தரை இன்னும் போடப்படவில்லை. கையில் இருப்பது கரடு கொங்கிறீட். எங்கள் படத்தில் அது −25. பாஸ் அந்தக் கொங்கிறீட்டில் நாடாவை வைத்து 2100 அளந்து கதவு நிலையை நிறுத்தினால், பூச்சு போட்டதும் 2075தான் மிஞ்சும். இரண்டு வருஷம் கழித்துக் கையில் காசு வந்து, அந்தப் பூச்சின் மேலேயே சாந்து போட்டு மாபிள் ஒட்டினால் இன்னும் 30 போகும். கதவு தரையில் உரசும், தச்சர் வந்து அடியைச் சீவவேண்டும். யன்னல் அடிமட்டமும் அதே அளவு இறங்கி, 900 இருக்கவேண்டிய இடத்தில் 845 ஆகிவிடும். மாபிள் போடும் எண்ணம் இருந்தால் அத்திவாரத்தின்போதே சொல்லுங்கள். கரடு கொங்கிறீட்டை அந்த அளவு தாழ்த்திப் போட்டால் ஒரு செலவும் இல்லை.

இதற்கு மேசன்மார் ஒரு நல்ல வழி வைத்திருக்கிறார்கள். தரையை நம்பாமல், தண்ணீர்க் குழாய் பிடித்து எல்லாச் சுவரிலும் +1000 என்று ஒரு கோடு போட்டுவிடுவார்கள். குழாயில் காற்றுக் குமிழி நிற்கக்கூடாது; நின்றால் மட்டம் பொய் சொல்லும். கோடு விழுந்த பிறகு யன்னல் அடிமட்டம் அதற்கு 100 கீழே, கதவின் மேல்மட்டம் 1100 மேலே, பூச்சுத் தரை 1000 கீழே. வீட்டுக்காரர் நாடா பிடித்து எந்த அறையிலும் சரிபார்க்கலாம். அந்தக் கோடு இல்லாத வீட்டில் அறைக்கு அறை யன்னல் ஏறி இறங்கும்.

மலைச்சரிவில் கட்டும் தோழர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். முள்ளியவளையில் நிலம் மட்டமானது. வீட்டின் நான்கு பக்கமும் −450 என்று ஒரே எண்ணை எழுதலாம். சரிவில் அப்படி இல்லை. முன்பக்கம் −450 என்றால் பின்பக்கம் −1500 ஆகவும் இருக்கலாம். அது பக்கவாட்டு முகப்புப்படத்தில் நிலக்கோடு சாய்ந்து போவதில் தெரியும். தரைக்குக் கீழே மூன்று மடங்குக்கு மேல் உயரமான கட்டு வேலை, அதற்குள் நிரப்பும் மண், கல், சீமெந்து எல்லாம் அந்த முக்கோணத்துக்குள் ஒளிந்திருக்கிறது. உங்களுக்குத் தந்த படத்தில் நிலக்கோடு நேராகக் கீறியிருந்தால், அது உங்கள் காணிக்காகக் கீறிய படம் அல்ல. சரிவின் திசையில் வெட்டிய இன்னொரு வெட்டுப்படத்தையும், அதற்கான செலவுக் கணக்கையும் கையொப்பமிடும் முன் கேளுங்கள்.

அடுத்தது சிலாப். ஓட்டு வீட்டில் பெரிய சிலாப் இல்லை. ஆனால் கழிப்பறையின் மேல் தண்ணீர்த் தாங்கி வைக்கப் பலர் ஒன்று போடுகிறார்கள். எங்கள் படத்தில் அதன் அடிமுகம் +2400, மேல்முகம் +2525. கழித்தால் கனம் 125, அதாவது ஐந்து அங்குலம். இந்த 125 கொங்கிறீட் மட்டும். அடியில் பூசும் சாந்தும் மேலே பூசும் சாந்தும் இதில் சேராது. ஒரு வீட்டில் பூச்சோடு சேர்த்து ஐந்து அங்குலம் காட்டினார்கள். உள்ளே கொங்கிறீட் நான்கு அங்குலம்தான் இருந்தது. கனத்தில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் வளையாமல் நிற்கும் விறைப்பு ஏறக்குறைய பாதியாகிவிடும். மேலே வைப்பது ஆயிரம் லீற்றர் தாங்கி என்றால் தண்ணீர் மட்டும் ஆயிரம் கிலோ. கொங்கிறீட் காய்ந்த பிறகு ஒன்றும் செய்ய முடியாது. போடும்போதே 125இல் அடையாளமிட்ட ஒரு கம்பியை ஈரக் கொங்கிறீட்டில் பலகை தட்டும் வரை இறக்கிப் பாருங்கள். நாலைந்து இடத்தில் பார்த்தால் போதும். பாஸ் கோபிக்கமாட்டார், நல்ல பாஸ் என்றால்.

இனிக் கூரை. வெட்டுப்படத்தில் கூரைச் சாய்வின் அருகே 25° என்று எழுதியிருக்கிறது. கோணத்தை வைத்து மரம் வெட்ட முடியாது. அதை உயரமாக மாற்றவேண்டும். 25 பாகைக்கு, ஒவ்வொரு மீற்றர் கிடைத்தூரத்துக்கும் 466 மில்லிமீற்றர் ஏற்றம். சுவரிலிருந்து முகடு வரை கிடைத்தூரம் 3 மீற்றர். ஆகவே ஏற்றம் 1400. சுவர் மட்டம் 2700ஓடு கூட்டினால் முகடு +4100. முகப்புப்படத்தில் முகட்டுக்கு எழுதியிருக்கும் எண்ணும் இதுவாக இருக்கவேண்டும். இரண்டும் ஒத்துவராவிட்டால் படத்தில் ஒன்று பிழை. மரம் வாங்கும் முன் கேட்டுவிடுங்கள். அடிமட்டக்கோலை வைத்துப் படத்தை அளந்து முடிவு செய்யவேண்டாம். போட்டோப் பிரதி எடுக்கும்போது படம் சுருங்கும், எழுதிய எண் சுருங்காது.

முகப்புப்படம் இன்னொரு வகையிலும் ஏமாற்றும். முன்பக்கமிருந்து பார்த்தால் கூரை ஒரு நீள்சதுரமாகத் தெரியும். தாழ்வாரம் சுவருக்கு வெளியே 600 நீட்டியிருக்கிறது, அதன் விளிம்பு +2420. அங்கிருந்து முகடு வரை அந்தப் படத்தில் தெரியும் உயரம் 1.68 மீற்றர். உண்மையில் கைமரத்தின் நீளம் 3.97 மீற்றர். கூரை நம்மை விட்டு விலகிச் சாய்ந்து போவதால் அது குறுகித் தெரிகிறது. உண்மையான சாய்வு வெட்டுப்படத்திலும் பக்கவாட்டு முகப்பிலும்தான் உண்டு. ஓட்டுக் கணக்கைத் தரைப்பட அளவில் போடுபவர்களும் உண்டு. நாலு பக்கமும் 600 தாழ்வாரத்தோடு தரைப்பட அளவு 7.2க்கு 9.7, கிட்டத்தட்ட 70 சதுர மீற்றர். சாய்வின் மீது அளந்தால் 77. ஏழு சதுர மீற்றர் ஓடு குறைந்தால், கூரை பாதியில் நிற்க, லொறிக் கூலி இன்னொரு முறை.

கடைசியாக, எல்லோரும் செய்யும் ஒரு வேலை. வீடு முடிந்ததும் முன்னால் ஒரு விறாந்தை இறக்குவோம். தோட்டத்தில் சொன்னால் இஸ்தோப்பு. சுவரிலிருந்து 2.4 மீற்றர், எட்டு அடி நீட்டுவதாக வைப்போம். அதே 25 பாகைச் சாய்வைத் தொடர்ந்தால் விளிம்பு 1120 இறங்கி +1580க்கு வந்துவிடும். ஐந்தடி கொஞ்சம் சொச்சம், பெரிய பிள்ளை குனிந்துதான் உள்ளே வரவேண்டும். ஆகவே சாய்வைப் படுக்க வைக்கிறார்கள். 10 பாகை வைத்தால் இறக்கம் 420தான், விளிம்பு +2280, தலை தப்பும். ஆனால் அந்தச் சாய்வில் ஓடு போட்டால் தண்ணீர் ஓடாமல் நிற்கும், காற்று மழையில் ஓட்டின் மடிப்புக்குள் ஏறி உள்ளே சொட்டும். பழைய ஓட்டுக் கூரையும் புதிய விறாந்தையும் சேரும் இடத்தில்தான் ஒழுக்கு முதலில் தெரியும். 10 பாகையில் போடுவதென்றால் தகரச் சீற்றுதான், அதையும் பழைய ஓட்டின் விளிம்புக்கு அடியில் நன்றாக உள்ளே செலுத்தவேண்டும். ஓடுதான் வேண்டுமென்றால் விறாந்தையைச் சுருக்குங்கள். ஒன்றரை மீற்றர் நீட்டினால் விளிம்பு +2000. விறாந்தைத் தரையை ஒரு படி, 150, தாழ்த்திப் போட்டால் தலைக்கு மேல் 2150 கிடைக்கும்.