பேசினுக்கும் சேர்த்து காசு

காசிமேடு மாதிரி ஒரு மீன் மார்க்கெட். வஞ்சிரம் கிலோ 900 ரூபாய். மேசையில் இருப்பது 30 கிலோ வரை நிறுக்கும் எலெக்ட்ரானிக் தராசு. ஐந்து ஐந்து கிராமாகத்தான் அது எண்ணும். மீன்காரம்மா பிளாஸ்டிக் பேசினைத் தட்டில் வைக்கிறார்; திரையில் 0.320. இப்போது TARE பொத்தானை அழுத்தினால், பேசினைக் கழித்துவிட்டு தராசு சுழியத்துக்கு வந்துவிடும். பிறகு மீன் விழுகிறது: 0.745 கிலோ, 670 ரூபாய் 50 காசு. பொத்தானை மறந்திருந்தால்? 1.065 கிலோ, 958 ரூபாய் 50 காசு. காலி பேசினுக்கு மட்டும் 288 ரூபாய்!

டேர் போட்டார்களா இல்லையா என்று பார்ப்பது சுலபம். நிறுத்து முடித்துப் பேசினைத் தூக்கும்போது திரையில் −0.320 என்று கழித்தல் குறியோடு வந்தால் டேர் போட்டிருக்கிறது. வெறும் 0.000 வந்தால் போடவில்லை.

மீன் கடையில் இன்னொரு சங்கதியும் உண்டு. ஐஸ் உருகும். காலையில் காய்ந்த பேசினுக்குப் போட்ட டேர், பத்து மணிக்கு அடியில் 60 கிராம் தண்ணீர் தேங்கிய பேசினுக்குப் பொருந்தாது. வஞ்சிரத்தின் விலையில் அந்தத் தண்ணீருக்கு 54 ரூபாய். தூக்கிப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. அப்போதும் அதே −0.320தான் வரும். மீனை மட்டும் எடுத்துவிட்டு பேசினைத் திரும்பத் தட்டில் வைக்க வேண்டும். சுழியம் வராமல் 0.060 நின்றால் அது தண்ணீரின் எடை.

அடுத்தது ஆட்டம். மீனைத் தொப்பென்று போட்டால், விழுந்த வேகத்தில் எண் ஒரு கணம் மேலே ஏறி, பிறகு இறங்கி நிற்கும். தலைக்கு மேலே சுழலும் ஃபேன் காற்றும், கூடையில் துள்ளும் நண்டும் எண்ணை நிலைகொள்ள விடாது. பல தராசுகளில் எண் அசையாமல் நின்ற பிறகே ஒரு சிறு அடையாளம் எரியும். அதற்கு முன்பே மீனைத் தூக்கிவிடும் கைகள்தான் கவனிக்க வேண்டியவை.

ரவுண்டிங் பற்றித்தான் சந்தேகம் அதிகம், பணமோ குறைவு. அந்த மீனின் அசல் எடை 743 கிராம் என்று வைத்துக்கொள்வோம். தராசு அதை 745 ஆக்குகிறது. கூடுதல் 1 ரூபாய் 80 காசு. 742 ஆக இருந்தால் 740 என்று காட்டி வாங்குபவருக்கு லாபம் தந்திருக்கும். தராசு இரண்டு பக்கமும் சாயும். 670.50ஐ 680 ஆக்குவது தராசு அல்ல, வாய்! ரவுண்டிங்கில் அதிகபட்சம் இரண்டரை கிராம்தான் கூடும் அல்லது குறையும். ஆனால் 50 கிராம் கருவாட்டுப்பொடி வாங்கும்போது அதே இரண்டரை கிராம், நூற்றுக்கு ஐந்து பங்கு. தராசின் தகட்டில் Min 100 g என்று போட்டிருப்பது அதனால்தான்.

பத்தரை மணிக்கு அதே அம்மா 280 கிராம் எடையுள்ள சின்ன பேசினுக்கு மாறுகிறார், பழைய 320 கிராம் டேரை அழிக்காமலே. அடுத்து வரும் ஒவ்வொரு வஞ்சிரத்துக்கும் 40 கிராம், அதாவது 36 ரூபாய், அவர் மடியிலிருந்தே போகிறது.