நோன்பு அட்டையில் ஆறு காலிக் கட்டங்கள்

இன்னிக்கு பேட்டி கிடையாது, ஒரு சின்னக் கதை. இதில் வருகிற ‘நான்’, புதுச்சேரி முல்லா வீதிப் பக்கம் வளர்ந்த 22 வயசுப் பொண்ணு. வேலைக்குப் போய்விட்டு வர்ற வழியில கேளுங்க.

பள்ளிக்கூடத்தில் பரீட்சை, காலேஜில் ஹாஸ்டல் என்று ஒவ்வொரு ரமலானிலும் பத்துப் பன்னிரண்டு நோன்போடு நின்றுவிடுவேன். 2025-ல்தான் முழு மாசமும் பிடிப்பது என்று முடிவு செய்தேன். மார்ச் 2, முதல் நோன்பு. பள்ளிவாசலில் கொடுத்த நேர அட்டையை ஃபிரிட்ஜில் ஒட்டி, ஒவ்வொரு நாளும் ஒரு டிக் போட்டோம். ஒரு பக்கம் என் டிக், மறுபக்கம் தம்பியுடையது. அவனுக்கும் அதுதான் முதல் முழு நோன்பு. யார் விடாமல் பிடிக்கிறோம் என்று எங்களுக்குள் பந்தயம்.

அதிகாலை ஐந்தேகால் வாக்கில் சஹர் முடியும். மாலை ஆறு இருபதுக்கு நோன்பு திறப்போம். தம்பி தூக்கு எடுத்துப் போய்ப் பள்ளியில் கஞ்சி வாங்கி வருவான். நொய்யரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு, தேங்காய்ப்பால் எல்லாம் குழைந்த அந்த முதல் வாய்க்காகவே நாள் முழுக்கக் காத்திருக்கலாம்.

பதினாறாவது நோன்பு, திங்கட்கிழமை. சாயங்காலம் நாலு மணிக்கு ஆபீஸ் கழிவறையில் தெரிந்தது, மாதவிடாய். நோன்பு திறக்க இன்னும் இரண்டு மணி நேரம்தான் இருந்தது. ஆனால் சட்டம் தெளிவு. மக்ரிபுக்கு ஐந்து நிமிஷம் முன்னால் வந்தாலும் அன்றைய நோன்பு போய்விடும்.

யாரிடமும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்தேன், எல்லோரோடும் உட்கார்ந்து பேரீச்சம்பழத்தை வாயில் வைத்தேன், அட்டையில் டிக் போட்டேன். மறுநாளும் சஹருக்கு எழுந்தேன், பகலெல்லாம் பட்டினி கிடந்தேன். அத்தாவுக்கும் தம்பிக்கும் தெரியக்கூடாது என்ற கூச்சம் பாதி, பந்தயம் பாதி. மூன்றாம் நாள் வயிற்று வலியோடு தலை சுற்றியது. ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் நுழைந்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

நன்னி ஒரு பார்வையிலேயே கண்டுபிடித்துவிட்டார். கதவைச் சாத்திவிட்டு, தட்டில் இரண்டு இட்லி வைத்து முன்னால் நகர்த்தினார்.

“சாப்புடு.”

“நன்னி, முழுசா பிடிக்கணும்னு...”

“இந்த நாள்ல நோன்பே கிடையாதும்மா. நீ கிடக்கிறது வெறும் பட்டினி. பிடின்னு சொன்னவன்தான் விடுன்னும் சொல்றான். அப்போ விடுறதும் அவன் பேச்சைக் கேக்கிறதுதானே?”

பிறகு கணக்கைச் சொன்னார். விட்ட தொழுகையைத் திரும்பத் தொழ வேண்டாம். விட்ட நோன்பை மட்டும் ரமலானுக்குப் பிறகு களாவாகப் பிடிக்க வேண்டும். ஆயிஷா நாயகி சொன்னதாக ஹதீஸிலேயே இருக்கிறது. தொடர்ந்து பிடிக்க வேண்டியதில்லை. அடுத்த ரமலானுக்குள் முடித்தால் போதும். தள்ளிப்போட மாத்திரை போடட்டுமா என்று கேட்டேன். “டாக்டரக் கேக்காம அதெல்லாம் தொடாதே. யாருக்குக் காட்ட இந்த அவசரம்?” என்றார்.

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. சொல்லத்தான் வெட்கம்.

அன்று இரவு பதினாறிலும் பதினேழிலும் போட்டிருந்த டிக்கை அழித்தேன். தம்பி பார்த்துவிட்டான்.

“ஏன்க்கா, தோத்துட்டியா?”

“இல்லடா. பொண்ணுங்களுக்கு மாசத்துல சில நாள் நோன்பு கிடையாது. அப்புறமா பிடிக்கணும்.”

கொஞ்ச நேரம் யோசித்தான். “அப்போ நீ தனியா பிடிக்கணுமா?” என்று மட்டும் கேட்டான்.

இருபத்திரண்டாவது நாள் குளித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தேன். மார்ச் 31 பெருநாள். அந்த வருஷம் 29 நோன்பு, எனக்கு 23.

மீதி ஆறையும் மே மாசத்தில், வாரத்துக்கு இரண்டாகப் பிடித்தேன். கத்திரி வெயில். பகல் நீளம் என்பதால் சஹரும் நாலேகால் மணிக்கே முடிந்துவிடும். தெருவில் கஞ்சி வாசனை இல்லை. ஆபீஸில் எல்லோரும் எதிரிலேயே டீ குடித்தார்கள். ஒரு மடக்கு தண்ணீர் குடித்திருந்தால் ஒருத்தருக்கும் தெரிந்திருக்காது. ஆனாலும் குடிக்கவில்லை. ரமலானின் முதல் 15 நாளும் நான் டிக்குக்காகப் பசித்திருந்தேன். இந்த ஆறு நாளும் பார்க்க யாருமில்லாமல் பசித்திருந்தேன். நோன்பு என்றால் என்ன என்று எனக்குப் புரிந்தது இங்கேதான்.

கடைசி நாள் மக்ரிப் பாங்குக்குக் கொஞ்சம் முன்னால் தம்பி வந்தான். கையில் அதே தூக்கு.

“பள்ளியில இப்ப கஞ்சி ஏதுடா?”

“நன்னிதான் காய்ச்சினாங்க. நான் பூண்டு உரிச்சேன்.”

பாங்கு சொன்னதும் இருவரும் குடித்தோம். பழைய அட்டை இன்னும் ஃபிரிட்ஜில்தான் இருந்தது. அந்த ஆறு கட்டங்களில் டிக் போடச் சொல்லிப் பேனாவை நீட்டினான். வேண்டாமென்று சொல்லிவிட்டேன்.