எக்ஸ்ரேயில் 'எலும்பு அரிப்பு' என்று வந்தால்: சீழா, கட்டியா?

(வேப்பம்பட்டில் நடந்த மருத்துவ விளக்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கால் வலி, கை வலி என்று பிள்ளைக்கு எக்ஸ்ரே எடுத்தால், ரிப்போர்ட்டில் சில நேரம் இரண்டு வார்த்தைகள் சேர்ந்து வரும். ஒன்று 'பெரியோஸ்டியல் ரியாக்‌ஷன்'. இன்னொன்று 'போன் டிஸ்ட்ரக்‌ஷன்'. கடைசியில் 'இன்ஃபெக்‌ஷன் அல்லது ட்யூமர்' என்று எழுதியிருக்கும். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த இரண்டு மூன்று வாரத்தில் நாம் என்ன செய்கிறோம் என்பதுதான் பெரும்பாலும் அந்தக் காலின் கதியைத் தீர்மானிக்கிறது. இன்று அதைப் பற்றி மட்டும் பேசுவோம்.

முதலில், அந்த வார்த்தைகளின் பொருள். எலும்பின் மேல் தோல் போல ஒரு மெல்லிய சவ்வு ஒட்டியிருக்கிறது. அதன் பெயர்தான் பெரியோஸ்டியம். புது எலும்பை உண்டாக்கும் சக்தி அதற்கு உண்டு. கீழேயிருந்து எது அதைத் தூக்கினாலும், சீழோ, இரத்தமோ, கட்டியோ, அது உடனே புது எலும்பு போட ஆரம்பிக்கும். படத்தில் அது எலும்பின் ஓரத்தில் வெள்ளைக் கோடாகத் தெரியும். பிள்ளைகளுக்கு இந்தச் சவ்வு தளர்வாக ஒட்டியிருப்பதால் சீக்கிரமே தூக்கிக்கொள்ளும். எலும்பு முறிந்து கூடும்போதும் இதே கோடு வரும். ஆகவே கோடு தெரிந்ததுமே அது புற்றுநோய் என்று பதற வேண்டாம். ஆனால் கோட்டோடு சேர்ந்து உள்ளே எலும்பும் அரித்திருந்தால் விஷயம் வேறு. அங்கே ஏதோ ஒன்று எலும்பைத் தின்றுகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

அந்தக் கோட்டின் வடிவம் வேகத்தைச் சொல்லும். கெட்டியான ஒரே கோடாக இருந்தால் நோய் மெதுவாக நகர்கிறது. வெங்காயத் தோல் போல அடுக்கடுக்காக இருந்தாலும், சூரியக் கதிர் போல வெளியே குத்திக்கொண்டு நின்றாலும், வேகமாக நகர்கிறது. அரிப்பின் ஓரமும் அப்படித்தான். வரைந்தது போலத் தெளிவான ஓரம் என்றால் நிதானம். கரையான் அரித்த மரம் போல ஓரமே தெரியாவிட்டால் வேகம். வேகம் எவ்வளவு என்று படம் சொல்லுமே தவிர, அது இன்ன நோய் என்று பெயர் சொல்லாது. கடுமையான சீழும் அடுக்கடுக்காகக் கோடு போடும். எலும்புக் காசநோயும் எலும்பை அரிக்கும். 'ஈவிங் சார்கோமா' என்ற புற்றுநோயில் காய்ச்சல் வரும், இரத்தத்தில் ஈ.எஸ்.ஆர். ஏறும், கத்தி வைத்தால் சீழ் போன்ற திரவமே வரும். அனுபவமுள்ள மருத்துவரே இதில் தடுமாறுவார்.

ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். பதின்மூன்று வயதுப் பையன். விளையாடும்போது விழுந்தான். முழங்காலுக்குச் சற்று மேலே வலி. 'அடிபட்ட வலிதானே' என்று எண்ணெய் தேய்த்து நீவி, கட்டுப் போட்டார்கள். ஆறு வாரம் ஆகியும் வலி குறையவில்லை. இரவில் தூக்கத்திலிருந்து எழுந்து அழுகிறான். அந்த இடம் கொஞ்சம் வீங்கியிருக்கிறது. காய்ச்சல் இல்லை. இப்போது எடுத்த எக்ஸ்ரேயில் தொடை எலும்பின் அடியில் அரிப்பும் சூரியக் கதிர்க் கோடும் தெரிகின்றன.

இதில் நம்மை ஏமாற்றுவது அந்த விழுந்த கதை. கனடா நாட்டு டெர்ரி ஃபாக்ஸை உங்களில் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1976 நவம்பரில் ஒரு கார் விபத்துக்குப் பிறகு அவருக்கு வலது முழங்காலில் வலி. விபத்தின் வலி என்று நினைத்து விளையாட்டைத் தொடர்ந்தார். 1977 மார்ச்சில் தாங்க முடியாமல் மருத்துவமனைக்குப் போனபோது அது 'ஆஸ்டியோசார்கோமா' என்ற எலும்புப் புற்றுநோய் என்று தெரிந்தது. முழங்காலுக்கு மேலே காலை எடுத்தார்கள். அப்போது அவருக்கு வயது 18. பிறகு செயற்கைக் காலோடு 1980-ல் நாடு முழுக்க ஓடப் புறப்பட்டார். நோய் நுரையீரலுக்குப் பரவி 1981-ல் காலமானார். அடிபட்டதால் இந்த நோய் வருவதில்லை. உள்ளே இருக்கும் நோயின் மேல் நம் கவனத்தை அடி திருப்புகிறது. அல்லது, டெர்ரிக்கு நடந்தது போல, நம்மை வேறு பக்கம் திருப்பிவிடுகிறது.

நம் உதாரணப் பையனுக்கு வருவோம். முதல் வேலை, நீவுவதையும் கட்டுவதையும் நிறுத்துவது. அரித்த எலும்பு லேசான அழுத்தத்தில் முறிந்துவிடும். முறிந்தால் கட்டி சுற்றியுள்ள தசைக்குள் சிந்தும். காலை ஊன்றாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது, இரத்தச் சோதனையும் அந்த எலும்பு முழுவதற்குமான எம்.ஆர்.ஐ. படமும். எம்.ஆர்.ஐ.யை பயாப்சிக்கு முன்பே எடுக்க வேண்டும். ஊசி பட்ட இடத்தின் வீக்கமும் இரத்தமும் பிறகு படத்தைக் குழப்பிவிடும். கூடவே நெஞ்சுக்கு சி.டி. எடுப்பார்கள், இந்த நோய் முதலில் போகும் இடம் நுரையீரல்.

மூன்றாவதுதான் பயாப்சி. இங்கேதான் அதிகம் தவறு நடக்கிறது. 'சீழ்தான், கீறி விட்டால் சரியாகும்' என்று எங்கோ கீறிவிட்டால், உள்ளே இருந்தது கட்டியாக இருக்கும்போது அதன் செல்கள் தசை முழுக்கப் பரவும். காப்பாற்றியிருக்கக்கூடிய கால் அதனால் போகலாம். ஊசி போன பாதையையும் பின்னால் கட்டியோடு சேர்த்து வெட்டி எடுக்க வேண்டியிருக்கும். ஆகவே கடைசி அறுவை சிகிச்சையைச் செய்யப் போகிறவரோ, அவருடைய குழுவோதான் ஊசி போகும் இடத்தைக் குறிக்க வேண்டும். எடுத்த சதையை இரண்டாகப் பிரித்து அனுப்பச் சொல்லுங்கள்: ஒரு பங்கு நுண்ணோக்கிப் பரிசோதனைக்கு, ஒரு பங்கு காசநோய் உட்பட கிருமி வளர்ப்புச் சோதனைக்கு. சீழ் என்று நினைத்தாலும் கட்டிக்குப் பாருங்கள், கட்டி என்று நினைத்தாலும் கிருமிக்குப் பாருங்கள் என்பது எலும்பு மருத்துவர்களின் பழைய பாடம்.

முடிவு ஆஸ்டியோசார்கோமா என்று வந்தாலும் காலை எடுப்பது ஒன்றே வழி என்ற காலம் போய்விட்டது. முதலில் சில வாரங்கள் கீமோ, பிறகு அறுவை, மறுபடி கீமோ. நோய் பரவாத பிள்ளைகளில் பத்தில் ஆறேழு பேர் ஐந்து ஆண்டுகளைத் தாண்டுகிறார்கள். அரித்த எலும்பை எடுத்துவிட்டு உலோக மூட்டு வைத்துக் காலைக் காப்பாற்றும் அறுவை சிகிச்சை நம் சென்னையிலேயே வளர்ந்தது. மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியின் டாக்டர் மயில்வாகனன் நடராஜன் அதில் முன்னோடி. 2007-ல் அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. வேப்பம்பட்டில் லோக்கல் ரயில் ஏறினால், சென்ட்ரலுக்கு எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை. அடையாறில் 1954 முதல் இயங்கும் புற்றுநோய் நிலையம் இருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் முதல் நாளே கையோடு எடுத்துப் போங்கள்.

ஒன்றை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். பிள்ளைக்குக் கடும் காய்ச்சல், காலை அசைக்கவே விடாமல் அழுகை, தொட்டால் சூடு என்றால், மேலே சொன்ன நிதானமெல்லாம் கிடையாது. அது எலும்புச் சீழாக இருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். முதல் பத்து நாள் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமலே இருக்கலாம். எலும்பின் சுண்ணாம்பில் மூன்றில் ஒரு பங்காவது கரைந்தால்தான் அரிப்பு படத்தில் தெரியும். 'எக்ஸ்ரே நார்மல்' என்ற வார்த்தையை நம்பிப் பிள்ளையை வீட்டுக்குத் தூக்கி வரவேண்டாம். இரத்தத்தில் கிருமிச் சோதனைக்கு எடுத்துவிட்டு உடனே ஊசி மருந்தைத் தொடங்குவார்கள்.

காய்ச்சல் இல்லாமல் மெதுவாக வளரும் வலிக்கு, காரணம் தெரியாமலே ஆன்டிபயாடிக் மாத்திரையை வாரக் கணக்கில் கொடுத்துப் பார்ப்பது வேறு தவறு. சீழாக இருந்தால் கிருமி வளர்ப்புச் சோதனையில் கிருமி அகப்படாது. கட்டியாக இருந்தால் அது அந்த வாரங்களில் வளர்ந்திருக்கும்.

வளரும் பிள்ளைக்கு ஒரே இடத்தில், ஒரு பக்கம் மட்டும், இரவிலும் விடாத வலி மூன்று வாரம் தாண்டினால் எக்ஸ்ரே எடுங்கள். நாற்பது வயதைத் தாண்டியவருக்கு எலும்பு அரித்திருந்தால் வேறு உறுப்பின் புற்றுநோய் எலும்புக்கு வந்திருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். ரிப்போர்ட்டை மட்டும் கொண்டு போகாதீர்கள், படத்தையும் கொண்டு போங்கள். பழைய படம் இருந்தால் அதையும் சேர்த்துக் காட்டுங்கள். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் அரிப்பு எவ்வளவு வேகமாக நகர்ந்திருக்கிறது என்பது மருத்துவருக்குத் தெரிந்துவிடும்.