"டைவர்ஸ் கேஸ் முடியப் போகுது": தேதி குறிக்கலாமா?

இன்னிக்கு ஒரு சின்னக் கதையில ஆரம்பிப்போம். புதுச்சேரியில ஒரு பொண்ணுக்கு வரன் வருது. "பையனுக்கு முன்னாடி ஒரு கல்யாணம் ஆச்சு. ரெண்டு பேரும் பிரிஞ்சு ஆறு வருஷம் ஆகுது. டைவர்ஸ் கேஸ் முடியப் போகுது"ன்னு சொல்றாங்க. மண்டபம் புக் பண்ணலாமா?

பையனும் பொண்ணும் இந்து திருமணச் சட்டத்துக்குள்ள வர்றவங்கன்னு வைங்க. அந்தச் சட்டத்தோட 5-வது பிரிவு, கல்யாணம் நடக்கிற நேரத்துல ரெண்டு பேருக்குமே உயிரோட இருக்கிற கணவனோ மனைவியோ இருக்கக்கூடாதுன்னு சொல்லுது. கேஸ் நடக்குதுன்னா முதல் கல்யாணம் இன்னும் இருக்குன்னுதான் அர்த்தம். எத்தனை வருஷம் பிரிஞ்சிருந்தாலும் அது தானா முடியாது. முத்திரைத்தாள்ல எழுதி வாங்கின "விடுதலைப் பத்திரம்" போதாது. சில சமூகங்கள்ல வழக்கப்படி தீர்த்துவிடுற முறையைச் சட்டம் ஏத்துக்குது. ஆனா அந்த வழக்கம் உண்மையிலேயே இருக்குன்னு கோர்ட்ல நிரூபிக்கணும்.

இதை மீறிக் கல்யாணம் பண்ணா, 11-வது பிரிவுப்படி அது ஆரம்பத்துல இருந்தே செல்லாது. ரெஜிஸ்டர் ஆபீஸ்ல பதிவு பண்ணாலும் அந்தக் குறை தீராது. முதல் கல்யாணம் இருக்கும்போதே இன்னொண்ணு பண்றது குற்றமும்கூட. ஏழு வருஷம் வரை சிறை, மறைச்சுப் பண்ணா பத்து வருஷம் வரை.

ஏமாந்த பொண்ணோட நிலைமை என்ன? மகாராஷ்டிராவுல இருந்து வந்த பாட்ஷா – ஊர்மிளா வழக்கைப் பாருங்க. முதல் மனைவி இருக்கிறதை மறைச்சு அவர் கல்யாணம் பண்ணார். சில மாசத்துல முதல் மனைவி வாசல்ல வந்து நிக்கிறாங்க. ஜீவனாம்சம் கேட்டப்ப, "இந்தக் கல்யாணமே செல்லாதே"ன்னு அவர் வாதாடினார். ஏமாத்தினவர் தன்னோட தப்பையே கேடயமா பிடிக்க முடியாதுன்னு 2013-ல உச்ச நீதிமன்றம் சொல்லி, ஜீவனாம்சம் கொடுக்க வெச்சது. ஆனா அந்தப் பாதுகாப்பு ஜீவனாம்சத்தோட நின்னுடுது. இப்படிப்பட்ட பொண்ணு, கணவர் இறந்தா மனைவிங்கிற முறையில வாரிசு ஆக முடியாது. குழந்தைகளுக்கு மட்டும் 16-வது பிரிவு சட்டப்பூர்வ அந்தஸ்தும் பெற்றோர் சொத்துல உரிமையும் தருது.

இப்ப அதே ஊர், வேற சட்டம். 1881-ல வந்த ஒரு பிரெஞ்சு ஆணைப்படி, புதுச்சேரியில இருந்த இந்தியர்கள் தங்களோட தனிச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள்ள போகலாம். வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை "லாபோர்த்"ங்கிற குடும்பப் பெயரை எடுத்துக்கிட்டது அப்போதான். இவங்கதான் ரெனோன்சான்கள். இந்து திருமணச் சட்டம் 1963-ல இங்க வந்தப்பவே, ரெனோன்சான்களுக்கு இது பொருந்தாதுன்னு எழுதிட்டாங்க.

அவங்க சட்டத்துலயும் ரெண்டாவது கல்யாணம் கூடாது. 147-வது பிரிவு, முதலாவது கலையாம ரெண்டாவது பண்ண முடியாதுன்னு தெளிவா சொல்லுது. ஆனா 201, 202-வது பிரிவுகள்ல ஒரு வித்தியாசம் இருக்கு. உண்மை தெரியாம, நல்லெண்ணத்தோட கல்யாணம் பண்ணவங்களுக்கு, கல்யாணம் ரத்தானாலும் அதுவரைக்குமான உரிமைகள் நிக்கும். ரத்தாகிறதுக்கு முன்னாடியே கணவர் இறந்துட்டா, வாரிசு உரிமைகூடக் கேட்கலாம். ஏமாத்தினவருக்கு ஒண்ணும் கிடைக்காது. ஒரே தப்பு, பக்கத்துப் பக்கத்து வீடு. ஆனா ஏமாந்த ரெண்டு பொண்ணுங்களுக்கும் கிடைக்கிறது வேற வேற.

சரி, முன்கூட்டியே எப்படித் தெரிஞ்சுக்கிறது? பையன் பிரெஞ்சு குடியுரிமை உள்ளவர்னா, புதுசா எடுத்த பிறப்புப் பதிவு நகல் கேளுங்க. கல்யாணம், விவாகரத்து ரெண்டையும் அந்தப் பதிவோட ஓரத்துல குறிப்பாங்க. ஆனா இங்க கோவில்ல நடந்து, பிரெஞ்சு தூதரகத்துல பதிவாகாத கல்யாணம் அதுல வராது. அதனால ஓரம் காலியா இருக்குன்னு மட்டும் நம்பிடாதீங்க. இந்தியப் பிறப்புச் சான்றிதழ்ல அந்த ஓரக் குறிப்பே கிடையாது.

விவாகரத்து ஆச்சுன்னு சொன்னா, தீர்ப்போட சான்றிட்ட நகல் கேளுங்க. கேஸ் நம்பரை வெச்சு இ-கோர்ட்ஸ் தளத்துல நீங்களே பார்க்கலாம். தேதியையும் பாருங்க. மேல்முறையீட்டுக்கு 90 நாள் இருக்கு. அது முடியணும், மேல்முறையீடு எதுவும் நிலுவையில இருக்கக்கூடாது. எதிர்த்தரப்பு வராமலே கொடுத்த தீர்ப்புன்னா கூடுதல் கவனம் வேணும். முதல் மனைவி, "எனக்கு நோட்டீஸே வரல"ன்னு சொல்லி அதை ரத்து பண்ணச் சொல்லி மனு போடலாம்.

அப்போ அந்தப் பொண்ணுக்கு என்ன பதில்? மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம். தீர்ப்பு கைக்கு வரட்டும், 90 நாள் போகட்டும். "முடியப் போகுது"ங்கிறதை நம்பி இப்பவே கல்யாணம் பண்ணா, இன்னொரு விஷயமும் இருக்கு. முதல் கல்யாணம் இருக்குன்னு அந்தப் பொண்ணுக்கே தெரியும். நாளைக்கு கோர்ட்ல "நான் ஏமாந்துட்டேன்"னு சொல்ல முடியாது.